‘இப்ப வேண்டாம்’ என்பது ‘நீங்க வேண்டாம்’ என்று கேட்கும்போது: நெருக்கத்தைப் பற்றிக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள ஒரு வழிகாட்டி

இரவு எட்டரை மணி. அவள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஒன்றரை வயதுக் குழந்தை அவள் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வேலையிலிருந்து வந்த கணவன் பின்னால் வந்து அவள் தோளில் கை வைக்கிறான். அந்தத் தோள் ஒரு நொடி இறுகுகிறது. அவள் எதுவும் சொல்லவில்லை, தோசையைத் திருப்பிப் போடுகிறாள். அவன் கையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் போனைப் பார்க்க ஆரம்பிக்கிறான்.

நான் குடும்ப ஆலோசகராக வேலை செய்கிறேன். இதே காட்சியை வெவ்வேறு வார்த்தைகளில் நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் கணவனும் மனைவியும் ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை. பல வீடுகளில் கேட்டதைச் சேர்த்து ஒரு தம்பதியாக எழுதியிருக்கிறேன்.

அவனிடம் தனியாகக் கேட்டால் சொல்வான்: “ஒரு வருஷமா பக்கத்துல போனாலே விலகுறா. என்னைப் பிடிக்கலன்னு நேராவே சொல்லிடலாம்.” அவளிடம் கேட்டால்: “நாள் முழுக்கக் குழந்தை என் மேலயே தொங்குது. ராத்திரி அவர் கை வெச்சா அது எங்க போய் முடியும்னு தெரியும். அதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல. அதனால முதல் கையையே தள்ளிடறேன்.”

சிக்கல் முழுக்க இந்த இரண்டு பதில்களுக்குள் இருக்கிறது. அன்றைக்கு அவனுக்கு வேண்டியிருந்தது தோளில் கை வைத்தபடி ஒரு நிமிடம் நிற்பது மட்டும்தான். ஆனால் குழந்தை பிறந்த பிறகு அவர்களுக்குள் தொடுதல் என்று நடந்ததெல்லாம் படுக்கையில் போய்த்தான் முடிந்திருக்கிறது. அதனால் சின்னத் தொடுதலும் அவளுக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. அவள் விலக விலக அவன் பசி கூடுகிறது. அவன் கேட்கக் கேட்க அவள் இன்னும் தள்ளிப் போகிறாள். இருவரும் அணைப்பு இல்லாமல்தான் வாடுகிறார்கள், ஆனால் அது ஒருவருக்கொருவர் தெரியவில்லை.

பல வீடுகளில் இது தலைகீழாகவும் இருக்கிறது. மனைவி நெருக்கம் தேடுவாள், கணவன் விலகுவான். ‘பொம்பளை வாய்விட்டுக் கேக்கலாமா’ என்ற கூச்சம் சேர்வதால் அவளுக்கு இது இரட்டைச் சுமை. கீழே உள்ளவை அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

1. முதலில் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்

பேசுவதற்கு முன் ஒரு வாரம் இருவரும் தனித்தனியாகக் குறிப்பு எடுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போதும். முதல் பத்தியில், போகிற போக்கில் நடக்கும் தொடுதல்: தலையைக் கோதுவது, பைக்கில் இடுப்பைப் பிடித்துக்கொள்வது, கையைப் பிடிப்பது. இரண்டாவதில், நின்று நிதானமாக நடப்பது: அணைப்பது, மடியில் படுப்பது, முத்தம். மூன்றாவதில் உடலுறவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதுங்கள். எனக்கு இது எவ்வளவு வேண்டியிருக்கிறது? எந்த நேரத்தில், எந்தச் சூழலில் இது எனக்குப் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை?

இதைத் துணைக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ‘எனக்கு நெருக்கம் வேணும்’ என்ற பொத்தாம்பொதுவான வாக்கியத்தை உடைப்பதற்குத்தான் இந்தத் தாள். மேலே சொன்ன கணவன் எழுதி முடித்தபோது முதல் பத்திதான் நிரம்பி வழிந்தது. மூன்றாவது பத்தி பெரிதாக இருக்கும் என்றுதான் அவனே நினைத்திருந்தான். அவளுக்கு இரண்டாவது பத்தியில் ‘குழந்தை தூங்கின பிறகு, அதுக்கு மேல எதுவும் இல்லன்னு தெரிஞ்சா ரொம்பப் பிடிக்கும்’ என்று வந்தது. இந்த ஒரு வரி கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது.

2. உடம்பையும் வீட்டையும் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் மனசையே காரணம் சொல்லக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடி, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்திருக்கும். அதனால் ஆசை மங்கலாம், பிறப்புறுப்பு வறண்டு உறவின்போது வலிக்கலாம். ஒருமுறை வலித்த இடத்துக்கு உடம்பு மறுபடி தயங்கத்தான் செய்யும். வலி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வழவழப்புக்கு மருந்துக் கடையில் நீர் சார்ந்த ஜெல் கிடைக்கும். நம் வீடுகளில் கை முதலில் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். ஆணுறை பயன்படுத்துபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும், எண்ணெய் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரைப் பலவீனப்படுத்துவதால் அது கிழிந்துவிடலாம்.

தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் ஆண் பெண் இருவருக்கும் ஆசையைக் குறைக்கலாம். சர்க்கரை உள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைவதும் உண்டு. அந்த வெட்கத்தில் மனைவியைத் தொடுவதையே நிறுத்திவிட்ட கணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் மனைவியோ தன் அழகு போய்விட்டதென்று நினைத்துக்கொண்டிருப்பாள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து மாற்ற வழி இருக்கும்.

ஆசை எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளம்புவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு எங்கிருந்தோ தானாக வரும். சிலருக்கு நிதானமான நெருக்கம் தொடங்கிய பிறகுதான் வரும். கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000-ஆம் ஆண்டு இதைப் பற்றி எழுதிய பிறகு, இரண்டாவது வகையைக் குறையாகப் பார்க்கும் வழக்கம் மாறத் தொடங்கியது. ஆனால் ‘தொடங்கினா வந்துடும்’ என்று இதைக் காட்டித் துணையை வற்புறுத்தினால், அது இந்த அறிவைத் தப்பாகப் பயன்படுத்துவது. மனசார விரும்பித் தொடங்கினால்தான் அது பொருந்தும்.

அப்புறம் வீடு. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? குழந்தை நடுவில் படுக்கிறதா? ஹாலில் மாமியார் படுத்திருக்க, சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும் என்ற பயம் இருக்கிறதா? பயத்தோடு படுக்கும் உடம்பு நெகிழாது. அறுபது ரூபாய்த் தாழ்ப்பாள் ஒன்று மாட்டிய பிறகு பேச்சே தேவைப்படாமல் போன வீடும் உண்டு.

3. ‘அது’வுக்கு ஒரு பெயர் வையுங்கள்

தமிழில் இதைப் பேசுவதில் தனிச் சிரமம் இருக்கிறது. உடலுறவு என்றால் மருத்துவமனை வார்த்தை. தாம்பத்யம் என்றால் ஜோசியர் சொல்வது போல இருக்கிறது. மிச்சமிருப்பவை வாய்கூசும் வார்த்தைகள். அதனால் பத்து வருடம் வாழ்ந்தவர்களும் ‘அது’ என்றே ஓட்டுகிறார்கள். கட்டிப்பிடிப்பதும் ‘அது’, படுப்பதும் ‘அது’. மனைவி ‘அது இன்னைக்கு வேணாம்’ என்றால் எது வேண்டாம் என்று கணவனுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வார்த்தைகளை உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். ஒன்று வெறும் அணைப்புக்கு, இன்னொன்று உடலுறவுக்கு. வேறு யாருக்கும் புரியக் கூடாது, சொல்லும்போது இருவருக்கும் கூசக் கூடாது, அவ்வளவுதான் விதி. நம் தம்பதி வெறும் அணைப்புக்கு ‘சார்ஜ்’ என்று பெயர் வைத்தார்கள். “என்னங்க, கொஞ்சம் சார்ஜ் போடுங்க” என்று அவள் மாமியார் முன்னாலேயே சொல்ல முடிந்தது.

4. எங்கே, எப்போது பேசுவது

படுக்கையில் வேண்டாம். மறுப்பு நடந்த அன்றும் வேண்டாம், சண்டை முடிந்த சூட்டிலும் வேண்டாம். படுக்கையில் இந்தப் பேச்சை எடுத்தால், எவ்வளவு மென்மையாக எடுத்தாலும், ‘இப்போதே தா’ என்றுதான் காதில் விழும்.

முகத்துக்கு முகம் உட்கார்வதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நம்மவர்களுக்குச் சுலபம். மொட்டைமாடி, கோயில் பிரகாரம், காலை நடை எதுவானாலும் சரி. ஒருநாள் முன்னதாகவே அனுமதி கேளுங்கள்: “நாளைக்குச் சாயங்காலம் குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு மாடியில ஒரு இருபது நிமிஷம் பேசலாமா? சண்டை இல்ல. நாம ரெண்டு பேரும் நெருக்கமா இருக்கிறதப் பத்தி.” விஷயத்தை முன்பே சொல்லிவிடுங்கள். ‘கொஞ்சம் பேசணும்’ என்று மட்டும் சொல்லி ஒரு இரவு முழுக்கப் பயப்பட வைக்காதீர்கள். இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்தான். நேரத்துக்கு முடியும் என்று தெரிந்தால்தான் விலகும் பக்கம் இருப்பவர் அடுத்த முறையும் வருவார்.

5. முதல் வாக்கியம்

அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் ஜான் காட்மனும் சிபில் கரேரும் புதுமணத் தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், பேச்சின் முதல் மூன்று நிமிடம் எப்படிப் போகிறது என்பதை வைத்தே பின்னாளில் யார் பிரிவார்கள் என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. தொடக்கம் கடுமையாக இருந்தால் நடுவில் சரிசெய்வது கஷ்டம். என் அனுபவமும் அதுதான்.

‘நீ எப்பவுமே’, ‘ஒரு நாளாவது’, ‘மத்த வீட்டுல எல்லாம்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் கணக்கு கேட்கும் வாக்கியம். எதிரில் இருப்பவர் உடனே தன் பக்கக் கணக்கை எடுப்பார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள், அப்போது உங்களுக்குள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், பிறகு தெரிந்துகொள்ளும் ஆசையோடு ஒரு கேள்வி கேளுங்கள்.

கேட்பவருக்கும் ஒரு வேலை உண்டு. பதில் சொல்வதற்கு முன், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?’ என்று கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகுதான் தன் பக்கம். முதலில் நாடகம் மாதிரி இருக்கும். பரவாயில்லை, செய்யுங்கள். மொட்டைமாடியில் அது இப்படி நடந்தது:

“செவ்வாய்க்கிழமை நீ தோசை ஊத்தும்போது தோள்ல கை வெச்சேன். நீ இறுகின மாதிரி இருந்துது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, நான் வேண்டாதவன் போல. அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?”

அவள் கொஞ்ச நேரம் எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க வேண்டாம்னு இல்லங்க. ராத்திரிக்கு அடிபோடறீங்கன்னு நெனச்சேன்.”

“அன்னைக்கு அப்படி எதுவுமே நெனைக்கல.”

இந்த இடத்தில் அவன் நிறுத்தியிருந்தால் அது தற்காப்பு. அவன் தொடர்ந்தான். “சரி, இரு. நான் தொட்டாலே ராத்திரிக்குத்தான்னு உனக்குத் தோணுது. அதனால முதல்லயே தள்ளிடறே. அப்படித்தானே?”

“ஆமா. ஏன்னா நடுவுல நிறுத்தச் சொன்னா உங்க மூஞ்சி மாறிடுது. ரெண்டு நாள் பேசமாட்டேங்கறீங்க. அதுக்கு முதல்லயே வேணாங்கறது மேல்னு தோணுது.”

அவனுக்கு அது வலித்தது. ஆனால் உண்மை. “ஆமா, நான் பேசாம இருந்திருக்கேன். அது தப்புதான்.” அப்புறம்தான் அவள் சொன்னாள், “எனக்கும் உங்க மேல சாஞ்சு உக்காரணும்னு இருக்கு. பயமில்லாம.”

அன்றைக்கு அவர்கள் எந்த முடிவும் எடுக்கவில்லை. இருபது நிமிடம் முடிந்ததும் கீழே இறங்கிவிட்டார்கள். முதல் பேச்சு புரிந்துகொள்வதற்கு மட்டும். தீர்வு இரண்டாவது பேச்சுக்கு.

6. வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்டுக்கொள்வது

மறுக்கும் உரிமை எப்போதும் உண்டு, காரணம் சொல்லியாக வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் தன்னால் எது முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் மறுப்பின் முள் மழுங்கிவிடும். “இன்னைக்கு முடியலங்க, உடம்பு அசந்துபோச்சு. பக்கத்துல படுத்து கையைப் பிடிச்சுக்கட்டுமா?” இதில் அவள் உடலுறவை மறுக்கிறாள், அவனை மறுக்கவில்லை. கையைப் பிடிக்கவும் மனசில்லாத நாளில் அதையும் நேராகச் சொல்லலாம்: “இன்னைக்கு என்னை யாருமே தொடாம கொஞ்ச நேரம் இருக்கணும். உங்க மேல கோவம் இல்ல.”

‘நாளைக்குப் பாக்கலாம்’ என்று தப்பிப்பதற்காகச் சொல்லாதீர்கள். நாளை அது கடனாகி நிற்கும். கடனைத் திருப்பும் மனநிலையில் ஆசை வராது.

கேட்டுக்கொள்பவர் செய்ய வேண்டியது இன்னும் கடினம். ‘சரி’ என்று சொல்லி, உண்மையிலேயே சரியாக இருக்க வேண்டும். மறுப்புக்குப் பிறகு வரும் அரைமணி நேரத்தில்தான் அடுத்த மாதத்தின் நெருக்கம் தீர்மானமாகிறது என்று நான் கணவர்களிடம் சொல்வேன். முகம் திருப்பிக்கொண்டு படுத்தால், வேண்டாம் என்று சொன்னதற்குத் தண்டனை உண்டு என்று துணையின் உடம்பு கற்றுக்கொள்கிறது. ஏமாற்றமாக இருந்தால் சொல்லலாம், “கொஞ்சம் ஏமாத்தமாதான் இருக்கு, ஆனா பரவால்ல.” சொல்லிவிட்டால் அது மௌனமாக மாறாது.

7. இரண்டு வாரம் சோதனை

இரண்டாவது பேச்சில் பதினான்கு நாளுக்கு ஒரு ஒப்பந்தம் போடுங்கள். மையம் ஒன்றுதான்: தினம் ஒருமுறை ஐந்து நிமிடம் அணைப்பு, அது எங்கேயும் போகாது என்ற உறுதியோடு. இந்த இரண்டு வாரம் உடலுறவு கிடையாது. தடை எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி இல்லாத தொடுதல் எப்படி இருக்கும் என்பதை உடம்பு மறந்துவிட்டது, அதை ஞாபகப்படுத்தத்தான். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவில் உருவாக்கி, 1970-இல் வெளியிட்ட சிகிச்சை முறையின் அடிப்படையும் இதுதான். அதில் தம்பதிகள் முதல் கட்டத்தில் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு, மாறி மாறித் தொட்டு, அந்த உணர்வை மட்டும் கவனிப்பார்கள்.

குறைவாக விரும்புபவரே அணைப்பைத் தொடங்கட்டும். வேகத்தைத் தீர்மானிக்கும் கயிறு அவர் கையில் இருந்தால் பயம் குறையும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகக் கூட்டக் கூடாது.

முதலில் கெடுவது பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது நாளில். அணைப்பு நன்றாக இருக்கிறதென்று அதிகம் விரும்புபவர் ‘இன்னும் கொஞ்சம்’ முயல்வார். ஒரே ஒருமுறை நடந்தாலும் ஒப்பந்தம் பொய் என்றாகிவிடும். அப்படி நடந்தால் உடனே நிறுத்தி, ‘வாக்கு மீறிட்டேன்’ என்று சொல்லி, மறுநாளை முதல் நாளாகத் தொடங்குங்கள். அணைக்கும்போது உங்களுக்கு உடம்பில் கிளர்ச்சி வந்தால் அதில் தவறில்லை. அதைத் துணை தீர்த்துவைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சறுக்கல் கண்ணுக்குத் தெரியாது. குறைவாக விரும்புபவர் குற்ற உணர்ச்சியில் சம்மதித்துக்கொண்டே போவார். உற்றுப் பார்த்தால் தெரியும்: மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார், முதுகில் தட்டிக் கொடுத்து முடித்துவைப்பார், கண் கடிகாரத்துக்குப் போகும். அப்போது கையைத் தளர்த்தி, ‘இன்னைக்குப் போதும்’ என்று நீங்களே சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் கணவனிடம் மனைவி மறுநாள் தானாக வந்து சாய்வதை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

8. பேச்சு மட்டும் போதாத இடங்கள்

தொட்டாலே நடுக்கம், அழுகை, பழைய நினைவு வருகிறது என்றால் சிறுவயதில் ஏதாவது நேர்ந்திருக்கலாம். பிரசவத்துக்குப் பின் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, குழந்தையிடமும் ஒட்டவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டுக்கும் மனநல மருத்துவர் அல்லது உளவியலாளரின் உதவி வேண்டும். சிலருக்கு உடலுறவில் நாட்டம் இயல்பிலேயே மிகக் குறைவு, சிலரின் நாட்டமே தன் பாலினத்தவர் மீது. அங்கே இருவார ஒப்பந்தம் எதையும் மாற்றாது; உண்மையைப் பேசத் தம்பதிக்குப் பாதுகாப்பான மூன்றாம் நபர் தேவை.

மறுத்தால் அடி, மிரட்டல், பணத்தை நிறுத்துவது, வற்புறுத்தி உறவு கொள்வது என்று போனால் அது ஆசையில் உள்ள வேறுபாடு இல்லை, வன்முறை. அங்கே மனைவி இன்னும் கனிவாகப் பேச வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. உதவிக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.

9. பதினைந்தாவது நாள்

சோதனை முடிந்ததும் மறுபடி இருபது நிமிடம் உட்காருங்கள். எது நன்றாக இருந்தது, எது ஒத்துவரவில்லை, அடுத்து எதை மாற்றலாம் என்று மட்டும் பேசுங்கள்.

நம் தம்பதிக்குக் காலை அணைப்பு ஒத்துவரவில்லை. குக்கர் விசில் எண்ணிக்கொண்டே அணைப்பது அவளுக்கு இன்னொரு வேலையாகத் தெரிந்தது. குழந்தை தூங்கிய பிறகு என்று மாற்றினார்கள். ஆனால் குழந்தையைத் தூங்கவைப்பதற்குள் அவள் களைத்துவிடுகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் பட்டது. அதனால் ராத்திரிச் சாப்பாடு ஊட்டித் தொட்டிலில் போடுவது வாரத்தில் நான்கு நாள் அவன் வேலையானது. அந்த நேரத்தில் அவள் யாரும் தொடாமல் தனியாக மாடியில் உட்கார்ந்திருப்பாள். உடலுறவை இன்னும் இரண்டு வாரம் தள்ளிவைக்கலாம் என்று அவள் கேட்டாள், அவன் ஒப்புக்கொண்டான். பத்தாவது நாள் அவளே வந்து, ‘சார்ஜ்’ இல்லை, இன்னொரு வார்த்தையைச் சொன்னாள்.

அவனுக்கு இன்னும் அவளைவிட அதிகமாகத்தான் வேண்டியிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் மாடிக்குப் போவதை அவர்கள் நிறுத்தவில்லை.